ஓரத்தில் நுழைந்த கை: விகிதம் கெடாமல் வெட்டும் முறை

குழுப் படத்தின் இடது ஓரத்தில் யாரோ ஒருவருடைய விரல்கள் மட்டும் தெரிகின்றன. முகமும் இல்லை, உடலும் இல்லை. ஒரு கை மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருக்கிறது. அது யாருடைய கை என்று கண் தேடத் தொடங்கிவிடுவதால், நடுவில் நிற்பவர்களைவிட ஓரம்தான் முதலில் கவனத்தை இழுக்கிறது. இடது ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினால் கை போய்விடும். ஆனால் அகலம் மட்டும் குறைந்து உயரம் அப்படியே நின்றுவிட்டால், அந்தப் படம் அதற்கென்று இருக்கும் தாளில் சரியாக அமராது. பக்கவாட்டில் ஒரு வெட்டு விழுந்தால், அதற்கு ஈடாக மேலோ கீழோ இன்னொரு வெட்டும் விழுந்தாக வேண்டும். முதல் வெட்டு எங்கே என்பதை அந்தக் கையே சொல்லிவிடுகிறது. இரண்டாவது வெட்டைத்தான் யோசித்து வைக்க வேண்டும்.

விகிதம் எங்கிருந்து வந்தது

படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள தொடர்பே அதன் விகிதம். டிஎஸ்எல்ஆர் கேமராக்களிலும் பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்களிலும் அது 3:2. அகலம் மூன்று பங்கு என்றால் உயரம் இரண்டு பங்கு. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக், 35 மில்லிமீட்டர் சினிமா ஃபிலிமைக் கிடைமட்டமாக ஓடவிட்டு, இரண்டு சினிமா ஃப்ரேம்களின் இடத்தை ஒரே படத்துக்கு எடுத்துக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் 36×24 மில்லிமீட்டர் அளவு. 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமரா அந்த அளவைப் பரப்பியது. இன்றைய 3:2 அதன் வாரிசு. கைபேசிக் கேமராக்களின் வழக்கமான விகிதம் 4:3.

அச்சிடும் தாள்களில் 4×6, 8×12, 12×18 அங்குல அளவுகள் 3:2 விகிதம் கொண்டவை. 5×7 அங்குலத் தாளின் விகிதம் 7:5. 8×10 அங்குலத்தின் விகிதம் 5:4. ஆகவே வெட்டத் தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது, படம் கடைசியில் எந்தத் தாளில் விழப்போகிறது என்பதுதான். இதிலேயே சில கைகளின் பிரச்சினை தீர்ந்துவிடும். 6000×4000 பிக்சல் கொண்ட படத்தை 5×7 அங்குலத்தில் அச்சிடுவதாக இருந்தால், முழு உயரத்தையும் வைத்துக்கொண்டு 5600 பிக்சல் அகலம் போதும். மீதி 400 பிக்சல் எப்படியும் வெட்டுப்படத்தான் போகிறது. அந்த 400ஐயும் கை இருக்கும் பக்கத்திலிருந்தே எடுத்துவிட்டால் உயரத்தைத் தொடவே வேண்டியதில்லை.

விகிதம் கெட்டால் நடப்பது

அதே 6000×4000 படத்தில் இடதுபுறம் 300 பிக்சலை மட்டும் வெட்டி, 5700×4000 ஆக 12×18 அங்குல அச்சுக்கு அனுப்பினால் மூன்றில் ஒன்று நடக்கும்.

தாள் முழுவதும் நிரம்ப வேண்டும் என்று லேபில் அமைத்திருந்தால், இயந்திரம் உயரத்திலிருந்து 200 பிக்சலைத் தானாகவே வெட்டும். பெரும்பாலும் மேலே 100, கீழே 100 என்று சமமாகவே எடுக்கும். கீழே பாதங்கள் இருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. படம் முழுவதும் தெரிய வேண்டும் என்று அமைத்திருந்தால், 12 அங்குல உயரத்துக்கு 17.1 அங்குல அகலம்தான் வரும். இரு ஓரங்களிலும் ஏறத்தாழ அரை அங்குல வெள்ளைப் பட்டை நிற்கும். மூன்றாவதுதான் மிக மோசம். 5700 பிக்சலை 6000 ஆக இழுத்து நிரப்பினால் எல்லோருடைய முகமும் ஏறத்தாழ 5 சதவீதம் அகன்றுவிடும். அந்நியர் கண்டுபிடிக்காமல் போகலாம். வீட்டுக்காரர்களுக்கு அந்த முகங்கள் என்னவோ போலத் தெரியும்.

வெட்ட வேண்டியதை வெட்டுபவரே முடிவு செய்யாவிட்டால், அந்த முடிவு இயந்திரத்திடம் போய்விடுகிறது.

இரண்டு வெட்டுகளின் கணக்கு

3:2 படத்தில் அகலத்திலிருந்து மூன்று பிக்சல் எடுத்தால் உயரத்திலிருந்து இரண்டு பிக்சல் எடுக்க வேண்டும். 300 எடுத்தால் 200. கை மேலிருந்தோ கீழிருந்தோ நுழைந்திருந்தால் கணக்கு மறுபக்கம் திரும்பும்: உயரத்தில் 200 வெட்டினால் அகலத்தில் 300 போகும். கைபேசியின் 4:3 படத்தில் அகலத்தில் நான்குக்கு உயரத்தில் மூன்று.

இதைச் சதவீதமாக நினைத்துக்கொள்வது இன்னும் எளிது. எந்தப் பக்கத்தில் எத்தனை சதவீதம் வெட்டினாலும், மற்றப் பக்கத்திலும் அதே சதவீதம் வெட்டினால் விகிதம் அப்படியே நிற்கும். விரல் அகலத்தில் 5 சதவீதம் உள்ளே வந்திருந்தால், உயரத்தில் 5 சதவீதம் விட்டுக்கொடுக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். தலைகளுக்கு மேலும் பாதங்களுக்குக் கீழும் உள்ள வெற்றிடம் அந்த 5 சதவீதத்தைவிட நன்றாகவே அதிகமாக இருந்தால் வெட்டலாம். இல்லையென்றால் வேறு வழி தேட வேண்டும்.

ஓரத்தில் விரல் நுழைந்திருப்பதைப் படமெடுப்பவர் கவனிக்காமல் போவதற்கும் இந்த 5 சதவீதத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றின் வியூஃபைண்டர், பதிவாகும் படத்தின் அகலத்திலும் உயரத்திலும் ஏறத்தாழ 95 சதவீதத்தையே காட்டுகிறது. 6000 பிக்சல் அகலத்தில் இடம் வலம் இரண்டிலும் ஏறத்தாழ 150 பிக்சல் கண்ணுக்குத் தெரியாமலே பதிவாகிவிடும். அந்தப் பட்டைக்குள் மட்டும் விரல் நுழைந்திருந்தால், நடுவை மையமாக வைத்து 5700×3800க்கு வெட்டினாலே போதும். படமெடுத்தவர் கண்ட காட்சியே திரும்பக் கிடைக்கும்.

ஒரு வரவேற்புப் படம்

திருமண வரவேற்பு மேடை. மணமக்களும் உறவினர் நால்வரும் நிற்கிறார்கள். அடுத்து மேடையேறக் காத்திருப்பவரின் கை, மொய்க்கவருடன் இடது ஓரத்தில் 260 பிக்சல் வரை நீண்டிருக்கிறது. படம் 6000×4000.

முதலில் எங்கெங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். இடதுகோடியில் நிற்பவரின் முழங்கை 480ஆவது பிக்சலில் தொடங்குகிறது. வலதுகோடியில் நிற்பவரின் சேலை ஓரத்துக்கும் படத்தின் வலது விளிம்புக்கும் நடுவே 400 பிக்சல் இருக்கிறது. உயரமானவரின் தலைக்கு மேலே 420 பிக்சல். பாதங்களுக்குக் கீழே 180 பிக்சல்.

இடது வெட்டுக்கோடு 260க்கும் 480க்கும் நடுவில் எங்காவது விழ வேண்டும். 260லேயே வெட்டினால் விரலின் மங்கலான விளிம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். 480ஐ நெருங்கினால் நிற்பவரின் முழங்கை சட்டத்தில் இடிக்கும். 300 பொருத்தமான இடம். 300க்கு ஈடாக உயரத்தில் 200 போக வேண்டும். கீழே 180தான் இருப்பதால் அங்கே தொடக்கூடாது. முழுவதையும் மேலிருந்து எடுத்தால் தலைக்கு மேல் 220 மிஞ்சும். படம் 5700×3800 ஆகிறது. கை போய்விட்டது, யாருக்கும் சேதமில்லை.

ஆனால் இப்போது இடதுபுறம் 180 பிக்சல் இடைவெளி, வலதுபுறம் 400. மணமக்கள் நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் தள்ளி நிற்பதுபோல் தோன்றும். வலதுபுறமும் வெட்டிச் சமப்படுத்தலாமா? இரு பக்கமும் ஒன்றாக வேண்டுமென்றால் வலதில் 220 எடுக்க வேண்டும். மொத்த வெட்டு 520 ஆகும். உயரத்தில் ஏறத்தாழ 347 பிக்சலைக் கேட்கும். தலைக்கு மேல் 73 பிக்சல்தான் மிஞ்சும். தலைகள் சட்டத்தை முட்டும். முழுச் சமநிலைக்கு அந்த விலை அதிகம்.

நடுவழி ஒன்று உண்டு. வலதில் 90 மட்டும் எடுத்தால் அகலம் 5610, அதற்குரிய உயரம் 3740. மேலிருந்து 260 போகிறது. இப்போது இடதில் 180, வலதில் 310, தலைக்கு மேல் 160, பாதங்களுக்குக் கீழ் 180. மணமக்கள் ஏறத்தாழ நடுவுக்கு வந்துவிடுகிறார்கள். யாரும் நெருக்கியடித்து நிற்பதாகத் தெரியாது. 12×18 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 311 பிக்சல் கிடைக்கும். அச்சுக்கு வழக்கமாகக் கேட்கப்படுவது 300 என்பதால் தெளிவிலும் குறை வராது.

மூலையில் நுழைந்த விரல்

கைபேசிப் படங்களில் எடுப்பவரின் விரலே பெரும்பாலும் மூலையில் விழுகிறது. ஒரு மூலையில் உள்ளதை நீக்க அதன் முழு அகலத்தையும் முழு உயரத்தையும் சேர்த்து வெட்டத் தேவையில்லை. ஏதாவது ஒரு பக்கமாக அதைத் தாண்டிவிட்டால் போதும். எந்தப் பக்கத்தில் சதவீதம் குறைவோ அதைத் தேர்ந்துகொள்ளலாம்.

4000×3000 பிக்சல் கொண்ட கைபேசிப் படத்தின் மேல் இடது மூலையில் ஒரு விரல் 600 பிக்சல் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. கீழ்நோக்கி 150 பிக்சல்தான் இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். அகலத்தில் அது 15 சதவீதம், உயரத்தில் 5 சதவீதம். மேலிருந்து 150 பிக்சல் பட்டையை நீக்கினாலே விரல் முழுவதும் போய்விடும். விகிதத்துக்காக அகலத்தில் 200 போக வேண்டும். அதை இடமிருந்து எடுப்பதா, வலமிருந்து எடுப்பதா என்பதைப் படத்தில் இருப்பவர்கள் நிற்கும் இடத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.

லென்ஸுக்கு மிக அருகில் இருக்கும் விரல் கூர்மையாகப் பதிவாவதில்லை. அதன் விளிம்பு கரைந்து, தோல் நிறத்தில் ஒரு மங்கல் சுற்றிலும் பரவியிருக்கும். விரல் என்று தெரியும் இடத்தோடு நிறுத்தினால் அந்த மூலையில் செம்மஞ்சள் கறை மிஞ்சும். ஆகவே வெட்டுக்கோட்டை மங்கல் முடியும் இடத்துக்குத் தள்ள வேண்டும்.

வெட்டுவதற்கு முன் நிமிர்த்துவது

படம் சாய்ந்திருந்தால் முதலில் நிமிர்த்திவிட்டுப் பிறகுதான் வெட்ட வேண்டும். படத்தைத் திருப்பும்போது மூலைகளில் வெற்றிடம் விழும்; அதை மறைக்க மென்பொருள் நான்கு புறமும் உள்ளே நகர்ந்துகொள்ளும். 3:2 படத்தில் 1 பாகைச் சாய்வைச் சரிசெய்தால் அகலத்திலும் உயரத்திலும் ஏறத்தாழ 2.5 சதவீதம் போய்விடும். சிறிய விரல் நுனி சில நேரம் அதிலேயே மறைந்துவிடும். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு நிமிர்த்தினால், கணக்குப் பார்த்து விட்டுவைத்த இடைவெளியை அந்த 2.5 சதவீதம் தின்றுவிடும்.

மென்பொருளில் செய்யும் விதம்

விகிதத்தைப் பூட்டிவிட்டு வெட்டுவதுதான் எல்லா மென்பொருளிலும் முறை. லைட்ரூம் கிளாசிக்கில் R விசையை அழுத்தினால் வெட்டும் கருவி திறக்கும். விகிதப் பட்டியலில் Original என்று வைத்து, பக்கத்தில் உள்ள பூட்டுச் சின்னம் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிம்ப்பில் Shift+C அழுத்தி, கருவியின் அமைப்புகளில் Fixed என்பதைத் தேர்ந்து, அதில் Aspect ratio வைத்து, கீழே 3:2 என்று தட்டச்சு செய்ய வேண்டும். கைபேசியில் ஸ்னாப்சீட் போன்ற செயலிகளிலும் Crop கருவிக்குள் Original என்ற தேர்வு இருக்கிறது.

விகிதம் பூட்டியிருக்கும்போது எதைப் பிடித்து இழுக்கிறோம் என்பது முக்கியம். இடது விளிம்பின் நடுவைப் பிடித்து இழுத்தால், பெரும்பாலான மென்பொருள்கள் மேலும் கீழும் சமமாகக் குறைத்துவிடும். வரவேற்புப் படத்தில் அப்படிச் செய்தால் பாதங்களுக்குக் கீழே இருக்கும் 180 பிக்சலில் 100 போய்விடும். மாறாக, மேல் இடது மூலையைப் பிடித்து இழுத்தால் கீழ் வலது மூலை அசையாமல் நிற்கும். வெட்டு முழுவதும் மேலிருந்தும் இடமிருந்தும் மட்டுமே விழும். எந்த இடத்தை இழக்கக்கூடாதோ அதற்கு எதிரிலுள்ள மூலையைப் பிடிக்க வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். துல்லியம் வேண்டுவோர் கிம்ப்பில் Position பெட்டிகளில் 300, 260 என்றும் Size பெட்டிகளில் 5610, 3740 என்றும் எண்களையே தட்டச்சு செய்துவிடலாம்.

கை மிகவும் உள்ளே வந்திருந்தால்

கை 900 பிக்சல் உள்ளே வந்திருந்தால் அது அகலத்தில் 15 சதவீதம். உயரத்தில் 600 பிக்சல் போக வேண்டும். வரவேற்புப் படத்தில் மேலும் கீழுமாகச் சேர்த்து இருந்ததே 600தான். தலையும் பாதமும் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இத்தகைய படத்தை அதே விகிதத்தில் வெட்டி மீட்க முடியாது.

அப்போது வேறொரு தாளின் விகிதத்துக்கு முழுமையாக மாறிவிடுவது நல்லது. 5:4 விகிதத்தில் 5000×4000 பிக்சல் கிடைக்கும். அகலத்தில் 1000 பிக்சல் போகிறது, உயரம் குறையவே இல்லை. படத்தில் இருக்க வேண்டியவர்கள் மீதமுள்ள 5000 பிக்சலுக்கு உள்ளே நின்றால் 8×10 அங்குலத்தில் குறையில்லாத படம் கிடைக்கும். விகிதம் மாறுகிறதுதான். ஆனால் தாளுக்குப் பொருந்தாத ஏதோ ஒரு வடிவமாக இல்லாமல், தாளும் சட்டமும் கிடைக்கும் அளவாகவே மாறுகிறது.

கைக்குப் பின்னால் ஒரே நிறத் திரையோ வெற்றுச் சுவரோ இருந்தால், வெட்டாமலே குளோன், ஹீல் கருவிகளால் பக்கத்துப் பகுதியை எடுத்து மூடிவிடலாம். பூ அலங்காரம், விளக்குச் சரம், கோடு போட்ட துணி போன்ற பின்னணியில் ஒட்டுப்போட்ட இடம் தெரிந்துவிடும். கை, படத்தில் இருப்பவரின் தோளின் மீதோ சேலையின் மீதோ விழுந்திருந்தால் எவ்வளவு வெட்டினாலும் பயனில்லை; அங்கே பொறுமையாக வரைந்துதான் மறைக்க வேண்டும்.

வெட்டுக்கோடு உடலில் விழும்போது

அந்நியர் கையை நீக்கும் கோடு, இருக்க வேண்டியவரின் உடலையும் தொட நேர்ந்தால், அது விழும் இடம் முக்கியம். மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் வெட்டு விழுந்தால் உறுப்பு அங்கேயே முடிந்துவிட்டது போலத் தோன்றும். முன்கையின் நடுவிலோ தொடையின் நடுவிலோ விழுந்தால், சட்டத்துக்கு வெளியே மீதி இருக்கிறது என்பதைக் கண் தானாகவே நிரப்பிக்கொள்ளும். விரல் நுனிகளை மட்டும் வெட்டுவது எல்லாவற்றிலும் மோசம். ஒரு விரலை நீக்கப் போய் இன்னொரு விரலை அறுபட்டதாக ஆக்கிவிடும். முழுக் கையும் உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்கை வரை துணிந்து வெட்டிவிட வேண்டும்.

அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

வெட்டிய பிறகு படத்தை 100 சதவீதம் பெரிதாக்கி, நான்கு விளிம்புகளையும் மூலையிலிருந்து மூலை வரை நகர்த்திப் பார்க்க வேண்டும். சிறிதாக்கிப் பார்க்கும்போது தெரியாத பத்துப் பிக்சல் தோல் நிறக் கீற்று அப்போதுதான் கண்ணில் படும். கை போனாலும் அதன் நிழல் பின்திரையிலோ தரையிலோ தங்கியிருக்கலாம். அது கண்ணை உறுத்தினால் கோட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்த்தி, இரண்டாவது வெட்டையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

பிறகு அகலத்தை உயரத்தால் வகுத்துப் பார்க்கலாம். 5610ஐ 3740ஆல் வகுத்தால் 1.5 வருகிறது, அதுவே 3:2. 4:3 படத்துக்கு 1.33, 5:4க்கு 1.25, 7:5க்கு 1.4 வர வேண்டும். ஓரமில்லாத அச்சில் இயந்திரம் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி விளிம்பில் சில மில்லிமீட்டரை வெட்டிவிடுவது வழக்கம். அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 3 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 35 பிக்சல். உறவினரின் கையோ தலையோ விளிம்பிலிருந்து அதற்குக் குறைவான தூரத்தில் இருந்தால் அது அச்சில் வெட்டுப்பட்டுவிடும்.

வெட்டிய படத்தை எப்போதும் புதிய பெயரில்தான் சேமிக்க வேண்டும். லைட்ரூம் மூலக் கோப்பைத் தொடாமல் வெட்டை மட்டும் குறித்துவைக்கிறது. கிம்ப்பிலும் கைபேசிச் செயலிகள் சிலவற்றிலும் அதே பெயரில் சேமித்தால் வெட்டிய பகுதி திரும்பக் கிடைக்காது. 12×18க்காக வெட்டிய அதே படத்தைப் பின்னர் 8×10இல் கேட்டால், மூலப் படத்திலிருந்து புதிதாக வெட்டினால்தான் முழு உயரமும் கிடைக்கும்.